லாரி எங்கே நிற்கும், எத்தனை மணிக்குப் புறப்படும்: கட்டுமான ஊழியர்களுக்கு முந்தைய இரவே செய்தி எழுதும் முறை

“நாளை காலை 6 மணிக்கு கிராஞ்சி வந்துவிடுங்கள். புது சைட். தாமதம் கூடாது.”

சிங்கப்பூரில் துணை ஒப்பந்தம் எடுத்து ஆள் அனுப்புவோரின் வாட்ஸ்அப் குழுக்களில் இரவு ஒன்பது மணிக்கு மேல் இப்படி ஒரு செய்தி வந்து விழும். படிப்பவர் மனத்தில் உடனே கேள்விகள் எழும். கிராஞ்சியில் எங்கே? ஆறு மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டுமா, ஆறு மணிக்கு லாரி கிளம்பிவிடுமா? எந்த லாரி? எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார்களா, போன வாரம் போனவர்களுக்கு மட்டுமா? பன்னிரண்டு பேரில் நான்கு பேர் கேட்பார்கள், மற்றவர்கள் தமக்குத் தோன்றியபடி வந்து நிற்பார்கள். நாள் சம்பளக்காரருக்கு லாரி தவறினால் அன்றைய கூலி போயிற்று. ஒப்பந்ததாரருக்கோ, கம்பி கட்ட எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேர் நின்றால், மாலைக்குள் கான்கிரீட் ஊற்றும் திட்டமே தள்ளிப் போகும்.

அந்தச் செய்தியை எப்படித் தயாரிப்பது என்பதை ஓர் உதாரணத்தை வைத்தே பார்க்கலாம். தெங்காவில் எழும் புதிய வீவக அடுக்குமாடித் திட்டம். பன்னிரண்டு ஊழியர்கள். எட்டுப் பேர் உட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு தங்குவிடுதியில் இருக்கிறார்கள். நான்கு பேர் வெளியிலிருந்து வருகிறார்கள், அவர்களில் இருவர் ஜோகூர் பாருவில் தங்கி தினமும் காலையில் பாலம் கடந்து வரும் மலேசியர்கள். ஒரு லாரி, இரண்டு நிறுத்தங்கள்.

முதலில் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

பலரும் செய்தியை எழுதத் தொடங்கிய பிறகுதான் நேரத்தை யோசிக்கிறார்கள். முந்தைய நாள் என்ன நேரமோ அதையே மறுபடியும் போட்டுவிடுகிறார்கள். சைட் மாறினால் அந்தக் கணக்கு பொருந்தாது. வேலை தொடங்கும் நேரத்தை ஒரு தாளில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

நம் உதாரணத்தில் வேலை 8:00 மணிக்குத் தொடங்குகிறது. அதற்கு முன் 7:45க்கு டூல்பாக்ஸ் கூட்டம்: அன்றைய வேலை என்ன, எங்கே கிரேன் சுற்றும், எந்தத் தளத்தில் தடுப்பு எடுக்கப்பட்டிருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்லும் கூட்டம். அதைத் தவறவிட்டவரைப் பல சைட்களில் வேலைக்கு விடமாட்டார்கள். அதற்கும் முன்னால் வாசல் இருக்கிறது. பெரிய சைட்டில் முகத்தையோ விரலையோ காட்டி ஒவ்வொருவராகத்தான் உள்ளே போக முடியும். நம் ஆட்கள் பன்னிரண்டு பேர்தான் என்றாலும், அதே நேரத்தில் வேறு ஐந்தாறு கம்பெனிகளின் லாரிகளும் ஆட்களை இறக்கும். வரிசையில் நின்று உள்ளே போய், பையை வைத்து, பூட்ஸ் மாட்டி, ஹெல்மெட்டோடு கூட்டத்துக்கு வர இருபத்தைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆக, லாரி வாசலை 7:20க்கு அடைய வேண்டும்.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸ் ரோடு, கிராஞ்சி விரைவுச்சாலை வழியாகத் தெங்காவுக்குச் சாலை காலியாக இருந்தால் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். அந்த இருபது நிமிடத்தை நம்பி நேரம் எழுதாதீர்கள். காலை ஏழு மணியை ஒட்டி விரைவுச்சாலையில் இணையும் இடங்களில் வண்டிகள் சேரும். அதோடு ஆள் ஏற்றிய லாரி காரைப் போல் விரையக் கூடாது, விரையவும் விடக் கூடாது. முப்பத்தைந்து நிமிடம் போடுங்கள். கிராஞ்சியிலிருந்து 6:45க்குப் புறப்பாடு. விடுதியிலிருந்து கிராஞ்சிக்கு இருபது நிமிடம், ஏறுவதற்கு ஐந்து நிமிடம். விடுதியிலிருந்து 6:20க்குப் புறப்பாடு.

இப்போது கையில் இரண்டு புறப்பாட்டு நேரங்கள் இருக்கின்றன. செய்தியில் இவைதான் பெரிதாக நிற்க வேண்டும். 7:45, 8:00 இரண்டும் கீழே போகலாம், ஏனென்றால் லாரியில் ஏறிவிட்ட ஒருவர் அவற்றைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு நேரம் எழுதுங்கள்: வந்து நிற்க வேண்டிய நேரம், லாரி புறப்படும் நேரம். இரண்டுக்கும் பத்து நிமிட இடைவெளி போதும். முக்கால் மணி நேரம் முன்னதாக வரச் சொல்லும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதனால் பாழாவது ஊழியரின் தூக்கம். இரவு எட்டு மணிக்கு அறைக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, ஊருக்குப் பேசிவிட்டுப் படுப்பவருக்கு அந்த முக்கால் மணி நேரம் பெரிது.

இன்னொன்றையும் இங்கேயே கவனித்துவிடுங்கள். சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, ஊழியர் தன் விருப்பப்படி இருக்க முடியாமல் முதலாளியின் கட்டளைக்குக் கட்டுப்பட்டு நிற்கும் நேரம் வேலை நேரம்தான். ஓய்வு, சாப்பாட்டு இடைவேளைகள் அதில் சேராது. சைட்டுக்கு வந்தபின் 7:30க்கே பலகை இறக்கச் சொல்லிவிட்டு, வேலை 8:00க்குத் தொடங்கியதாகக் கணக்கு எழுதுவது முறையல்ல. பலகை இறக்க வேண்டியிருந்தால் வேலை நேரம் 7:30 என்றே செய்தியில் எழுதுங்கள், கூலியிலும் அதைக் காட்டுங்கள். மிகை நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மாதத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் மிகை நேரம் கூடாது என்ற வரம்புகளும் இந்தக் கணக்கில்தான் முதலில் தென்படும்.

இருட்டில் கண்டுபிடிக்கக்கூடிய இடம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் சூரியன் உதிக்கிறது. 6:20, 6:45 இரண்டுமே இருட்டு. நீங்கள் பகலில் பார்த்து வைத்த அடையாளங்களான மூடிய கடை, பச்சை வேலி, மரத்தடி எதுவும் அந்நேரத்தில் கண்ணில் படாது. விளக்கு வெளிச்சம் விழும், எண்ணோ எழுத்தோ உள்ள பொருள்தான் அடையாளம்.

“கிராஞ்சி எம்ஆர்டி” என்பது ஓர் இடமல்ல, ஒரு பகுதி. நிலையத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ பலகையில் இருக்கும், அதை எழுதுங்கள். நிலையத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் பஸ் நிறுத்தங்கள் இருக்கும். இங்கேதான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. சிங்கப்பூர்ப் பஸ் நிறுத்தங்கள் பெரும்பாலும் எதிரெதிராக, ஒரே பெயரோடு இருக்கும். ஒன்றின் பெயருக்கு முன்னால் மட்டும் Opp என்று, அதாவது எதிர்ப்புறம் என்று, சேர்ந்திருக்கும். அவசரத்தில் வாசிப்பவர் அதைக் கவனிப்பதில்லை. தவறான பக்கத்தில் நின்றவருக்கு லாரி எதிரே வந்து நிற்பது தெரியும், ஆனால் நடுவில் தடுப்பு வேலி இருக்கும். மேம்பாலம் ஏறிச் சுற்றி வருவதற்குள் லாரி போய்விடும்.

அதற்கு மருந்து, நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்தின் பலகையிலும் அந்த எண் இருக்கிறது, இரண்டு நிறுத்தங்களுக்கு ஒரே எண் கிடையாது. எதிரெதிர் நிறுத்தங்களின் எண்கள் பெரும்பாலும் கடைசி இலக்கத்தில் மட்டுமே வேறுபடும்: ஒன்று 1 என்று முடிந்தால் மற்றது 9 என்று முடியும். அதனால் ஐந்து இலக்கத்தையும் எழுதுங்கள், “கடைசி எண் 9” என்று தனியாகவும் சொல்லுங்கள். தமிழ் தெரியாத வங்காளதேச ஊழியருக்கும் ஆங்கிலம் தெரியாத புதியவருக்கும் எண் மட்டும் ஒன்றுபோலவே புரியும்.

ஆனால் பஸ் நிறுத்தம் ஓர் அடையாளமாக மட்டுமே இருக்க வேண்டும். அதிலேயே லாரியை நிறுத்தி ஆள் ஏற்றாதீர்கள், அது பஸ்ஸுக்கு உரிய இடம். மஞ்சள் இரட்டை நெளிகோடு போட்ட சாலையோரத்தில் எந்த வண்டியும் நிற்கவே கூடாது. அப்படிப்பட்ட இடத்தைக் குறித்துவிட்டால், அபராதத்துக்குப் பயந்து ஓட்டுநர் ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்துவார், ஆட்கள் பையோடு ஓடுவார்கள். ஓடிவந்து இருட்டில் லாரியின் பின்பக்கம் தொற்றி ஏறும்போதுதான் கால் வழுக்குகிறது. ஆகவே லாரி ஓரிரு நிமிடம் நிம்மதியாக நிற்கக்கூடிய உள்சாலையையோ, வீவக வாகன நிறுத்துமிடத்தில் சரக்கு இறக்கும் இடத்தையோ தேர்ந்தெடுங்கள். “இந்த எண்ணுள்ள பஸ் நிறுத்தத்திலிருந்து நிலையத்தை நோக்கி நாற்பது அடி நடந்தால் இடதுபுறம் உள்சாலை, விளக்குக் கம்பத்தடியில் நில்லுங்கள்” என்று எழுதலாம்.

விடுதி நிறுத்தம் சுலபம் என்று நினைப்போம். பெரிய விடுதியில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வெள்ளை லாரி என்றால் இருபது இருக்கும். உள்ளே லாரி நிறுத்துமிடங்களுக்கு எண் இருந்தால் அதை எழுதுங்கள், இல்லாவிட்டால் எந்த வாசல், எந்தப் புளோக்கின் எதிரே என்று எழுதுங்கள். லாரியின் பதிவெண்ணும் தார்ப்பாயின் நிறமும் இங்கே மிகவும் உதவும்.

சைட்டின் முகவரியையும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் லாரியைத் தவறவிட்டவர் சொந்தமாக வந்து சேரக்கூடும். வழக்கமாகச் சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் எண் ஒன்றே கட்டடத்தைக் காட்டிவிடும். கட்டி முடியாத கட்டடத்துக்கு அந்த வசதி இல்லாமலிருக்கலாம். தெங்கா போன்ற புது நகரில் சாலைகளே சில நேரம் வரைபடத்தில் வந்திருக்காது. எனவே ஊழியர் வாசலின் எண்ணும் இருப்பிடக் குறியும் அவசியம். அந்தக் குறியை அனுப்புவதில் ஒரு கவனம் வேண்டும்: வாட்ஸ்அப்பில் “தற்போதைய இருப்பிடம்” என்பதை அழுத்தினால், நீங்கள் அப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறீர்களோ அதுதான் போகும். பிடோக்கில் வீட்டுச் சோபாவில் இருந்து அனுப்பினால் பிடோக்தான் போகும். முதல் முறை சைட்டுக்குப் போகும்போதே, அந்த வாசலில் நின்று ஒருமுறை உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால், பிறகு அதையே எடுத்து அனுப்பலாம். ஏறும் இடங்களுக்கும் அப்படியே.

படம் அனுப்புவதானால், ஊழியர் நடந்துவரும் திசையிலிருந்து எடுங்கள். நிலைய வாயிலில் நின்று, அவர் கண்ணுக்கு என்ன தெரியுமோ அதை எடுத்து, நிற்க வேண்டிய இடத்தில் ஓர் அம்பு போட்டால் போதும். எதிர்ப்புறச் சாலையிலிருந்து அழகாக எடுத்த படம் இடது வலதை மாற்றிக் காட்டி, ஆளைத் திசை திருப்பிவிடும்.

பெயர்ப் பட்டியலும் லாரியும்

“எல்லாரும் வாருங்கள்” என்பது செய்தியாகாது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கீழே பெயர்களை எழுதி, எண்ணிக்கையையும் எழுதுங்கள். எண்ணிக்கை இருந்தால்தான் இருட்டில் லாரிக்குள் தலைகளை எண்ணிப் பார்த்து, எட்டுக்கு ஏழுதான் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல முடியும். ஒரே பெயரில் இருவர் இருந்தால், அவர்கள் குழுவில் எப்படி அழைக்கப்படுகிறார்களோ அப்படியே, ‘பட்டுக்கோட்டை முருகன்’, ‘அரியலூர் முருகன்’ என்று எழுதுங்கள்.

பட்டியலை எழுதும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். வேலை அனுமதி அட்டையில் உள்ள முதலாளி, வேலை இரண்டுக்கும் உட்பட்டுத்தான் அந்த ஊழியரை வேலைக்கு அனுப்பலாம். ஆள் குறைகிறது என்று நண்பரின் கம்பெனியில் இருந்து இருவரைக் ‘கடனாக’ லாரியில் ஏற்றினால், மாட்டிக்கொள்வது முதலாளிகளோடு அந்த ஊழியரும்தான். அடுத்தது, புதியவர்களின் பெயரை முதன்மை ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். பதிவும் பாதுகாப்பு அறிமுக வகுப்பும் முடியாமல் வாசல் திறக்காது. மூன்றாவது, கட்டுமானப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றின் காலாவதித் தேதி. வாசலில் போய்த்தான் அது முடிந்துவிட்டது என்று தெரிந்தால், அந்த மனிதர் நாள் முழுவதும் வெளியே உட்கார்ந்திருப்பார்.

லாரியைப் பொறுத்தவரை, எத்தனை பேரை ஏற்றலாம் என்ற எண்ணிக்கை வண்டியிலேயே எழுதப்பட்டிருக்கும். உங்கள் பட்டியல் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் இரண்டு நடை, அல்லது இரண்டு வண்டி. “கொஞ்சம் ஒட்டி உட்காருங்கள்” என்பதற்கு இடமில்லை. பின்பகுதியில் ஆட்களை ஏற்றும் முன் ஓட்டுநர் அறையின் இருக்கைகள் நிரம்பியிருக்க வேண்டும். 2023 ஜனவரி 1 முதல், ஊழியர்களை ஏற்றிச் செல்லும் லாரியில் மழைத் தடுப்பு உறையும், ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்று கவனிக்கும் ஒரு துணையாளரும் இருக்க வேண்டும். அந்தத் துணையாளரின் பெயரைச் செய்தியில் போடுங்கள். தலை எண்ணுவதும், தாமதமாக வருவோரின் அழைப்பை எடுப்பதும் அவருடைய பொறுப்பு. ஓட்டுநரின் தொலைபேசி எண்ணைக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரை நான்கு பேர் மாறி மாறி அழைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஓட்டுநர் பெரும்பாலும் தனி ஆள் அல்லர். பகல் முழுவதும் சைட்டில் வேலையும் செய்பவர். முந்தைய நாள் கான்கிரீட் ஊற்றுவது இழுத்துக்கொண்டு போய் இரவு பதினொன்றுக்கு முடிந்திருந்தால், காலை ஆறு மணிக்கு முன்னால் அவரை வண்டி எடுக்கச் சொல்லாதீர்கள். பெயரை மாற்றுங்கள், அல்லது அன்று நேரத்தைத் தள்ளுங்கள்.

செய்தி

இவ்வளவும் முடிந்தபின் எழுதுவது பத்து நிமிட வேலை. நம் உதாரணத்துக்கான செய்தி இப்படி இருக்கும். சதுர அடைப்புக்குள் இருப்பதை நீங்கள் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

> செவ்வாய்க்கிழமை, மார்ச் 10. பகல் வேலை. தெங்கா சைட், ஊழியர் வாசல் 3.
>
> நிறுத்தம் 1: உட்லண்ட்ஸ் விடுதி, லாரி நிறுத்துமிடம் [எண்].
> வந்து நிற்க: காலை 6:10. லாரி புறப்படும்: காலை 6:20.
> 8 பேர்: ராஜா, பட்டுக்கோட்டை முருகன், அரியலூர் முருகன், சேகர், கண்ணன், ரஹீம், பாபுல், வேலு.
>
> நிறுத்தம் 2: கிராஞ்சி எம்ஆர்டி, வாயில் [எண்], பஸ் நிறுத்தம் [ஐந்து இலக்க எண்] அருகே உள்சாலை, விளக்குக் கம்பத்தடி. படம் கீழே.
> வந்து நிற்க: காலை 6:35. லாரி புறப்படும்: காலை 6:45.
> 4 பேர்: சிவா, குமரன், தாஸ், மணி.
>
> லாரி: வெள்ளை, நீலத் தார்ப்பாய், எண் [பதிவெண்]. ஓட்டுநர் செல்வம். துணை ராஜா, அழைக்க [எண்].
> கொண்டுவர: வேலை அனுமதி அட்டை, பாதுகாப்புப் பயிற்சி அட்டை, ஹெல்மெட், பூட்ஸ், ஹார்னஸ், மதியச் சாப்பாடு.
> வேலுவும் தாஸும் முதல் நாள்: வாசலில் ராஜாவோடு நில்லுங்கள், தனியாக உள்ளே போக வேண்டாம்.
> டூல்பாக்ஸ் கூட்டம் 7:45. வேலை 8:00 முதல் மாலை 7:00 வரை. திரும்பும் லாரி 7:20, அதே வாசல்.
> மழை பெய்தாலும் லாரி வரும்.
> இன்று இரவு 9 மணிக்குள் உங்கள் பெயர், நிறுத்த எண் இரண்டையும் பதிலாகப் போடுங்கள்.

இதில் ‘நாளை’ என்ற சொல் எங்கும் இல்லை. இரவு பன்னிரண்டரைக்குக் கண்விழித்துக் கைப்பேசியைப் பார்ப்பவருக்கு ‘நாளை’ என்பது புதன்கிழமை. செய்தியை இன்னொருவருக்கு அனுப்பும்போதும் அந்தச் சொல் நாளை மாற்றிவிடும். கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கட்டும். ஒன்று தவறானாலும் மற்றது காட்டிக்கொடுக்கும், யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். இரவு வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும். “புதன் இரவு 12 மணி” என்று எழுதினால் பாதிப் பேர் ஒரு நாள் முந்தியும் பாதிப் பேர் ஒரு நாள் பிந்தியும் எண்ணிக்கொள்வார்கள். “செவ்வாய் இரவு 11:45” என்று, நள்ளிரவைத் தொடாத ஒரு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுவர வேண்டியதில் மதியச் சாப்பாட்டைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. கேட்டரிங் பொட்டலங்கள் விடிவதற்கு முன்பே விடுதிக்கு வந்து கீழே அடுக்கப்பட்டிருக்கும். புது சைட்டின் அருகே கடை கிடையாது என்று தெரியாதவர், அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வந்துவிடுவார். தெங்கா போன்ற இடத்தில் மதிய இடைவேளைக்குள் நடந்து போய்ச் சாப்பிட்டுத் திரும்புவது கடினம்.

அனுப்புவதும் பதில் வாங்குவதும்

மாலையில் முதன்மை ஒப்பந்ததாரரோடு மறுநாள் வேலையைப் பேசி முடித்ததும் செய்தி போய்விட வேண்டும். இரவு எட்டு மணி கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் அனுப்பிவிட்டு நீலக் குறியை நம்பாதீர்கள். செய்தியைத் திறந்தார் என்பதற்கு மட்டுமே அது சான்று. ‘கட்டைவிரல்’ பதிலும் போதாது. “வேலு, 1” என்று பெயரும் நிறுத்த எண்ணும் எழுதினால்தான், எந்த இடம் என்று படித்திருக்கிறார் என்பது தெரியும். “தாஸ், 1” என்று வந்தால், இரண்டாம் நிறுத்தத்தில் ஏற வேண்டியவர் முதலாம் நிறுத்தம் என்று நினைத்திருக்கிறார் என்பதை இரவே பிடித்துவிடலாம். காலை 6:45க்குத் தெரிவதற்கும் இரவு 9:00 மணிக்குத் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் ஒருவரின் ஒரு நாள் கூலி.

ஒன்பது மணிக்குப் பதில் வராதவர்களை அழையுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவர்கள் எல்லாக் குழுவிலும் இருப்பார்கள், அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்காக அதே செய்தியை ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் போட்டுவிடுங்கள், நேரத்தை இரண்டு முறை சொல்லுங்கள். ரஹீம், பாபுல் போன்ற வங்காள ஊழியர்களுக்கு, குழுவில் இரண்டு மொழியும் நன்கு தெரிந்த ஒருவரைக் கேட்டு வங்காளத்தில் அனுப்பச் செய்யுங்கள். எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

ஒன்பதரைக்கு மேல் ஏதாவது மாறினால், பழைய செய்தியைத் திருத்தியோ புதிதாக ஒன்றைப் போட்டோ நிறுத்திக்கொள்ளாதீர்கள். தூங்குபவர் அதைப் பார்க்க மாட்டார், காலையில் எழுந்தவர் மேலே உள்ளதைப் படித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மாற்றம் யாரைப் பாதிக்கிறதோ அவரை அழைத்துச் சொல்லுங்கள், பழைய செய்தியை அழித்துவிட்டு முழுச் செய்தியையும் மறுபடி அனுப்புங்கள். “நேரம் 6:30 ஆக மாறியது” என்ற ஒற்றை வரி எந்த நிறுத்தத்துக்கு என்று யாருக்கும் புரியாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு அழைப்பதானால் செய்தியின் தொனியே மாற வேண்டும். ஓய்வு நாளில் வேலைக்கு வரும்படி பொதுவாகக் கட்டாயப்படுத்த முடியாது. முதலாளி கேட்டு, வழக்கமான வேலை நேரத்தில் பாதிக்கு மேல் ஒருவர் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும். “வர விருப்பமுள்ளவர்கள்” என்று கேட்டு, சம்பளத்தையும் அதே செய்தியில் எழுதுங்கள். அதற்கும் முன்பாக, அந்த சைட்டில் ஞாயிறு வேலை செய்யலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். குடியிருப்புகளுக்கு 150 மீட்டருக்குள் இருக்கும் தளங்களில் ஞாயிறும் பொது விடுமுறையும் வேலைக்குத் தடை உள்ள நாள்கள். ரயிலும் அந்த நாள்களில் சற்றுத் தாமதமாகவே தொடங்கும். எம்ஆர்டியில் வந்து ஏறுபவருக்கு வார நாள் நேரத்தை அப்படியே எழுதினால் அவரால் வந்து சேரவே முடியாமல் போகலாம்.

காலையில் கணக்குத் தவறும்போது

பாலம் கடந்து வருபவர்களின் நேரம் அவர்கள் கையில் இல்லை. சோதனைச்சாவடியில் வரிசை எப்போது நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிவாவுக்கும் குமரனுக்கும் தனியாக ஒரு விதி சொல்லி வையுங்கள்: உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்ததும் ராஜாவுக்கு ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். 6:15க்குள் அந்தச் செய்தி வராவிட்டால், அவர்கள் லாரியைப் பிடிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். அவர்கள் நேரே கிராஞ்சியில் ரயில் ஏறி, இரண்டு நிலையம் தள்ளி சுவா சூ காங்கில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் சைட்டுக்கு வரட்டும். அந்தப் பஸ்ஸின் எண்ணையும் இறங்கும் நிறுத்தத்தின் எண்ணையும் புது சைட் தொடங்கும் வாரத்திலேயே ஒருமுறை விசாரித்துக் குழுவில் போட்டுவிடுங்கள். டாக்சி எடுத்தால் யார் பணம் தருவது என்பதையும் அப்போதே தெளிவாக்கிவிட வேண்டும். விடியற்காலையில் சாலையோரத்தில் நின்றுகொண்டு பேசும் விஷயமல்ல அது.

லாரி யாருக்காகக் காத்திருக்கும்? என் கணக்கு இது: புறப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மூன்று நிமிடம், அதற்கு மேல் இல்லை. முதல் நிறுத்தத்தில் ஒருவருக்காகப் பத்து நிமிடம் நின்றால், இரண்டாவது நிறுத்தத்தில் சரியான நேரத்துக்கு வந்த நான்கு பேர் நிற்கிறார்கள், வாசல் வரிசையும் நீண்டுவிடுகிறது, பிறகு ஓட்டுநர் அந்தப் பத்து நிமிடத்தைச் சாலையில் ஈடுகட்டப் பார்க்கிறார். அந்தக் கடைசி விஷயம்தான் ஆபத்து. ஆனால் லாரியே தாமதமானால் விதி மறுபக்கம் திரும்ப வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று தெரிந்தவுடன் ராஜா குழுவில் எழுத வேண்டும், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்று. அது வராவிட்டால், நின்றுகொண்டிருப்பவர் லாரி போய்விட்டது என்று நினைத்து ரயில் ஏறிவிடுவார். லாரி அவருக்காகக் காத்துக்கிடக்கும்.

“மழை பெய்தாலும் லாரி வரும்” என்ற வரி இல்லாவிட்டால், காலை ஐந்தரைக்குக் கொட்டும் மழையைப் பார்த்து வேலை இல்லை என்று பாதிப் பேர் திரும்பிப் படுத்துவிடுவார்கள். வேலையை நிறுத்துவதானால், அதைச் சொல்லும் கடைசி நேரத்தையும் முடிவு செய்யுங்கள். நம் உதாரணத்தில் 5:30. அதற்குள் செய்தி வராவிட்டால் வேலை உண்டு என்று எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம்.

மாலையிலும் இதே பட்டியல்தான் பயன்படும். திரும்பும் லாரி 7:20 என்று எழுதியிருக்கிறோம், வேலை 7:00 மணிக்கு முடிகிறது. கருவிகளைக் கழுவி வைத்து, வாசலில் மறுபடி பதிவு செய்து வெளியே வர அந்த இருபது நிமிடம் வேண்டும். ராஜா காலையில் எண்ணிய அதே பன்னிரண்டு தலைகளையும் எண்ண வேண்டும். ஒருவர் குறைந்தால் வாசல் பதிவைப் பாருங்கள்: அவர் இன்னும் வெளியேறவில்லை என்று காட்டினால், அழைப்பதோடு நிற்காமல் ஒருவரை உள்ளே அனுப்பி, அவர் கடைசியாக வேலை செய்த தளத்துக்கே போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள். அதுவரை லாரி எடுக்கக் கூடாது.